எத்தனை கூடு, எவ்வளவு இழுப்பு: தனிம அட்டவணைப் போக்குகள்

பயிற்சித்தாள் 4 | உயர்நிலை 3, 4 வேதியியல் | ஞாயிறு துணைப்பாட வகுப்பு, உட்லண்ட்ஸ்
நேரம்: 50 நிமிடம். மொத்தம்: 30 மதிப்பெண். தனிம அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். விடைகளை நோட்டில் எழுதுங்கள்.

முதலில் இதைப் படியுங்கள்

போன வாரத் தாளைத் திருத்தியபோது ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: "சோடியத்தைவிடக் குளோரினில் எலக்ட்ரான்கள் அதிகம், அதனால் குளோரின் அணு பெரியது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பைக்குள் பொருள் கூடினால் பை உப்பும் அல்லவா? ஆனால் அணு பை இல்லை. சோடியம் அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டர், குளோரினுடையது 99. ஏறக்குறையப் பாதி.

பள்ளியில் இந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, "கீழே போனால் கூடும், வலப்பக்கம் போனால் குறையும்" என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். தேர்வில் 'ஏன்' என்று கேட்டால் அது கைகொடுக்காது. இந்தத் தாளில் மனப்பாடத்துக்கு வேலை இல்லை. எந்த அணுவைப் பார்த்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: எலக்ட்ரான்கள் எத்தனை கூடுகளில் இருக்கின்றன?

இரண்டாவது: வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இழுக்கிறது? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. புரோட்டான்களின் எண்ணிக்கையிலிருந்து உள்கூடுகளில் உள்ள எலக்ட்ரான்களைக் கழித்துவிடுங்கள். உள்ளே இருப்பவை கருவின் இழுப்பை வெளியே போகவிடாமல் மறைக்கின்றன. அதற்கு மறைப்பு விளைவு என்று பெயர். மிச்சம் வருவதை இந்தத் தாளில் 'நிகர இழுப்பு' என்று சொல்வோம். உண்மையில் மறைப்பு இவ்வளவு கச்சிதமாக நடப்பதில்லை, ஆனால் ஓ நிலைக்கு இது தாராளமாகப் போதும்.

வீவக புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் நின்று ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். இரண்டாவது மாடியில் இருந்தால் பளிச்சென்று கேட்கும். பன்னிரண்டாவது மாடியில் இருந்தால் தூரமும் சேர்ந்துகொள்ளும், இடையில் உள்ள வீடுகளின் டிவிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். இப்போது கீழே ஒருவருக்குப் பதில் ஏழு பேர் சேர்ந்து கூப்பிட்டால்? அதே மாடியிலும் நன்றாகக் கேட்கும். மாடி என்பது கூடு. கூப்பிடும் ஆட்கள் நிகர இழுப்பு. உவமை இந்த மட்டில்தான். எலக்ட்ரான் லிஃப்ட் ஏறி வீட்டுக்குப் போகிறது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

செய்து காட்டிய கணக்கு: மூன்றாம் தொடர்

| தனிமம் | எலக்ட்ரான் அமைப்பு | கூடுகள் | நிகர இழுப்பு | ஆரம் (பிக்கோமீட்டர்) |
|---|---|---|---|---|
| சோடியம் | 2, 8, 1 | 3 | 11 − 10 = +1 | 186 |
| மெக்னீசியம் | 2, 8, 2 | 3 | 12 − 10 = +2 | 160 |
| அலுமினியம் | 2, 8, 3 | 3 | 13 − 10 = +3 | 143 |
| பாஸ்பரஸ் | 2, 8, 5 | 3 | 15 − 10 = +5 | 110 |
| குளோரின் | 2, 8, 7 | 3 | 17 − 10 = +7 | 99 |

கூடுகள் எல்லாவற்றிலும் மூன்றுதான். புதிதாக வரும் எலக்ட்ரான் புது மாடி கட்டவில்லை, இருக்கிற மாடியிலேயே குடியேறுகிறது. ஆனால் கருவில் ஒவ்வொரு புரோட்டானாகக் கூடிக்கொண்டே போகிறது. இழுப்பு +1இலிருந்து +7 ஆகும்போது மூன்றாவது கூடு முழுவதும் உள்ளே இழுக்கப்படுகிறது. அணு சுருங்குகிறது. விடையில் எழுத வேண்டியது இவ்வளவே: "கூடுகளின் எண்ணிக்கை மாறவில்லை, கருவின் மின்சுமை கூடியது, மறைப்பு ஏறக்குறைய மாறவில்லை, ஆகவே வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் வலுவாக ஈர்க்கப்படுகின்றன." நான்கில் ஒன்றை விட்டாலும் ஒரு மதிப்பெண் போகும். பெரும்பாலும் விடுபடுவது முதலாவது.

1-ஆம் தொகுதியில் கீழே இறங்கினால்

லித்தியம் 2, 1. சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. மூன்றுக்கும் நிகர இழுப்பு +1 தான், போட்டுப் பாருங்கள். அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தூரத்திலிருந்து. ஆரம் 152, 186, 227 என்று வளர்கிறது. அதே இழுப்பு, அதிகத் தூரம். கடைசி எலக்ட்ரானின் பிடி தளர்கிறது. அதைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றல், அதாவது முதல் அயனியாக்கும் ஆற்றல், ஒரு மோலுக்கு 520, 496, 419 கிலோஜூல் என்று இறங்குகிறது.

தண்ணீரில் போட்டால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லித்தியம் மிதந்தபடி மெல்லக் குமிழிடும். சோடியம் உருகி உருண்டையாகி அங்கும் இங்கும் ஓடும். பொட்டாசியம் இளம் ஊதாச் சுடரோடு எரியும். (ஆசிரியர் பாதுகாப்புத் திரைக்குப் பின்னால் செய்து காட்டுவதைப் பாருங்கள். வீட்டில் முயற்சி செய்வதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.)

2Na + 2H₂O → 2NaOH + H₂

17-ஆம் தொகுதியில் தலைகீழ்

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். "கீழே போனால் வினைத்திறன் கூடும்" என்பதை 1-ஆம் தொகுதியில் கற்றுக்கொண்டு, அப்படியே ஹாலஜன்கள் மேலும் ஒட்டிவிடுகிறார்கள். வினைத்திறன் என்ற சொல் ஒன்றுதான், ஆனால் வேலை வேறு. சோடியத்தின் வேலை எலக்ட்ரானைக் கொடுப்பது. குளோரினின் வேலை எலக்ட்ரானை வாங்குவது; ஏழு இருக்கிறது, எட்டுக்கு ஒன்று குறைகிறது.

கொடுப்பவருக்குப் பிடி தளர்ந்தால் நல்லது. வாங்குபவருக்குப் பிடி இறுகினால்தான் நல்லது. கீழே போகப் போக இரண்டு தொகுதியிலும் பிடி தளர்கிறது. ஆகவே உலோகம் வேகமாகிறது, ஹாலஜன் மந்தமாகிறது. காரணம் ஒன்று, விளைவு இரண்டு. ஃப்ளூரின் இரண்டு கூடுகளோடு, +7 இழுப்போடு, வெளியிலிருந்து வரும் எலக்ட்ரானை மிக அருகில் இழுத்துக்கொள்கிறது. அயோடினுக்கும் கணக்கில் அதே +7 இழுப்புதான், ஆனால் ஐந்து கூடுகள் தள்ளி நிற்கிறது.

வலுவான ஹாலஜன், வலுக்குறைந்ததை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும். இதுதான் இடப்பெயர்ச்சி வினை:

Cl₂ + 2KBr → 2KCl + Br₂

நிறமற்ற பொட்டாசியம் புரோமைடு கரைசல் ஆரஞ்சு நிறமாவது, புரோமின் வெளியே வந்ததற்குச் சாட்சி.

ஒரு சின்னச் செய்தி. மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்டது 1869இல். எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். அவருக்குக் கூடும் தெரியாது, மறைப்பும் தெரியாது. குணங்களைப் பார்த்தே அடுக்கினார், இருக்க வேண்டிய இடத்தில் காலியிடமும் விட்டார். அப்படி விட்ட ஓர் இடத்தில் 1875இல் காலியம் வந்து உட்கார்ந்தது. உங்கள் கையில் எலக்ட்ரான் அமைப்பே இருக்கிறது, அவரைவிட உங்களுக்கு வேலை சுலபம்.

வினாக்கள்

1. ஃப்ளூரின் (அணு எண் 9), மெக்னீசியம் (12), பொட்டாசியம் (19) ஆகியவற்றின் எலக்ட்ரான் அமைப்பையும் நிகர இழுப்பையும் எழுதுங்கள். [6]

2. மேலே உள்ள அட்டவணையில் கந்தகத்தை (16) வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதன் ஆரம் எந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும்? காரணத்தோடு சொல்லுங்கள். [3]

3. O²⁻, F⁻, Na⁺, Mg²⁺ நான்கிலும் எலக்ட்ரான் அமைப்பு 2, 8 தான். பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்தி, காரணம் கூறுங்கள். [5]

4. ரூபிடியம் பொட்டாசியத்துக்கு நேர்கீழே உள்ளது. தண்ணீரோடு அது எப்படி வினைபுரியும் என்று ஊகித்து, எலக்ட்ரான் அமைப்பைக் கொண்டு விளக்குங்கள். [4]

5. லித்தியத்தின் உருகுநிலை 180 டிகிரி செல்சியஸ், சோடியம் 98, பொட்டாசியம் 63, சீசியம் 28. மூடிய கண்ணாடிக் குழாயில் உள்ள சீசியத்தைக் குளிரூட்டிய ஆய்வகத்திலிருந்து 31 டிகிரி இருக்கும் நடைக்கூடத்துக்கு எடுத்து வந்தால் சற்று நேரத்தில் என்ன ஆகும்? உருகுநிலை ஏன் இப்படி இறங்குகிறது? [4]

6. மூன்று சோதனைக்குழாய்கள்: (அ) குளோரின் நீர், பொட்டாசியம் அயோடைடு, (ஆ) புரோமின் நீர், பொட்டாசியம் குளோரைடு, (இ) புரோமின் நீர், பொட்டாசியம் அயோடைடு. எவற்றில் வினை நடக்கும்? நடப்பவற்றுக்குச் சமன்பாடு எழுதுங்கள். [5]

7. ஒரு மாணவரின் விடை: "சோடியத்தைவிடப் பொட்டாசியத்தில் எலக்ட்ரான்கள் அதிகம், அதனால் அது வேகமாக வினைபுரிகிறது." இதற்கு நான் ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை. மூன்று மதிப்பெண் கிடைக்கும்படி மாற்றி எழுதுங்கள். [3]

விடைக்குறிப்பு (எழுதி முடித்த பிறகு திருப்புங்கள்)

1. ஃப்ளூரின் 2, 7; 9 − 2 = +7. மெக்னீசியம் 2, 8, 2, +2. பொட்டாசியம் 2, 8, 8, 1; 19 − 18 = +1.

2. 110க்கும் 99க்கும் இடையில். கூடு மூன்றுதான், இழுப்பு +6. பாஸ்பரசுக்கு +5, குளோரினுக்கு +7.

3. O²⁻, F⁻, Na⁺, Mg²⁺. எலக்ட்ரான்கள் எல்லாவற்றிலும் பத்து. புரோட்டான்கள் 8, 9, 11, 12. அதே பத்தை அதிகப் புரோட்டான்கள் இழுத்தால் அயனி சுருங்கும். "எலக்ட்ரான் எண்ணிக்கை சமம்" என்று வெளிப்படையாக எழுதினால்தான் முழு மதிப்பெண்.

4. பொட்டாசியத்தைவிட மூர்க்கமாக, உடனே தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒரு கூடு அதிகம், மறைப்பும் அதிகம், வெளி எலக்ட்ரான் தொலைவில் இருப்பதால் எளிதில் இழக்கப்படும்.

5. உருகிவிடும். உலோகத்தைச் சேர்த்து வைப்பது நேர் அயனிகளுக்கும், அவற்றுக்கிடையே உலவும் எலக்ட்ரான்களுக்கும் உள்ள ஈர்ப்பு. அயனி பெரிதாகும்போது அந்த எலக்ட்ரான்கள் கருவிலிருந்து விலகுகின்றன, ஈர்ப்பு தளர்கிறது. "சீசியம் வினைத்திறன் மிக்கது, அதனால் உருகுகிறது" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. உருகுவது வேதிவினை அல்ல.

6. (அ) Cl₂ + 2KI → 2KCl + I₂. (ஆ) வினை இல்லை. புரோமின் குளோரினைவிட வலுக்குறைந்தது. (இ) Br₂ + 2KI → 2KBr + I₂.

7. "பொட்டாசியத்தில் ஒரு கூடு அதிகம். வெளிக்கூட்டு எலக்ட்ரான் கருவிலிருந்து தொலைவில் உள்ளது, மறைப்பும் அதிகம். ஆகவே ஈர்ப்பு குறைந்து, எலக்ட்ரான் எளிதில் இழக்கப்படுகிறது." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மதிப்பெண்.