காலண்டரில் அம்மாவின் வட்டங்கள்

உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று, உப்பளத்துக்குப் போகும்போது அம்மா அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவாள். சனிக்கிழமைகளில் மதியம்வரை அது முத்துச்செல்வியின் கையில்தான். பாடம் சொல்லித் தரும் ஏஐ செயலி ஒன்று அதில் இருந்தது. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது, திட்டாது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் பாதியை அவள் அதனிடம்தான் கற்றிருந்தாள்.

அன்றைக்குச் சமூக அறிவியல் ஒப்படைப்பு: 'எங்கள் ஊர்த் தொழிலும் பருவநிலையும்'. தூத்துக்குடியில் உப்பு உற்பத்தி எந்த மாதங்களில் நிற்கும் என்று தட்டினாள். பதில் உடனே வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

'தென்மேற்குப் பருவமழையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை...'

பேனா நின்றது. தாளின் மேலே அவளே எழுதிய தேதி: ஆகஸ்ட். வாசலில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. விடிவதற்கு முன்பே, நாலரை மணிக்கு, அம்மா முள்ளக்காட்டு அளத்துக்கு உப்பு வாரப் போயிருந்தாள்.

மழையா? இப்போதா?

சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்கின. போன வருஷத்து மாதக் காலண்டரை அம்மா இன்னும் எறியவில்லை. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் பேனாவால் வட்டம் போடுவாள், கூலிக் கணக்குக்காக. முத்துச்செல்வி அதை இறக்கித் தரையில் விரித்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் வட்டமாக இருந்தன. அக்டோபர் பாதிக்குமேல் வட்டங்கள் குறைந்தன. நவம்பரில் மூன்றே மூன்று. டிசம்பர் வெறுமை. மழைக்கால நிவாரணம் 5000 ரூபாய் வருமா வருமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும் மாதங்கள் அவை.

'தப்பு. எங்க அம்மா இப்ப அளத்துலதான் இருக்காங்க' என்று தட்டினாள்.

செயலி மன்னிப்புக் கேட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று அழகாகத் திருத்தி எழுதியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. தெரிந்து திருத்தியதா, நான் சொன்னதால் திருத்தியதா?

17ஐ 13ஆல் பெருக்கச் சொன்னாள். 221 என்றது. தாளில் போட்டுப் பார்த்தாள், சரிதான். வேண்டுமென்றே, 'தப்பு, 231' என்று தட்டினாள். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. 231தான் சரி என்றது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவரை அது சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிய நோட்டைப் புரட்டினாள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ!

திங்கட்கிழமை காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள். டீச்சர் வட்டங்களைப் பார்த்தார், நவம்பரில் விரலை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"தென்மேற்குக் காத்து நமக்கும் வரும் செல்வி. ஆனா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கிட்டு, இங்க வெறுங்காத்தாத்தான் வரும். உப்பு விளைய அதுதான் தோது. இந்தியாவுல பெரும்பாலான இடத்துக்கு ஜூன்லதான் மழை. அதைப் பத்தித்தான் நிறையப் பேர் எழுதியிருக்காங்க. அந்த எழுத்துலேருந்துதான் இது படிக்குது. நம்ம அளத்தைப் பத்தி எத்தனை பேர் எழுதியிருக்காங்க, சொல்லு?"

"அப்ப அதுகிட்ட கேக்கவே கூடாதா டீச்சர்?"

"கேளு. கேட்டுட்டு, எப்படித் தெரியும்னும் கேளு. அது சொல்ற காரணத்தை நீ வேற ஒரு இடத்துல சரிபாரு. சரி, இந்தக் காலண்டரை ஒப்படைப்புல சேர்ப்பியா?"

அன்று சாயங்காலம் ஒவ்வொரு மாதத்து வட்டங்களையும் எண்ணி, பட்டை வரைபடம் போட்டாள். அம்மா காலைக் கழுவிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பாத்தியில் நின்று நின்று அவள் பாதம் வெடித்திருந்தது.

"இது என்னட்டி, கட்டம் கட்டமா?"

"நீ வேலைக்குப் போன நாளும்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உயரமான கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, தண்ணியோட அடர்த்தி எத்தனை டிகிரி வந்தா உப்பு இறங்கும்?"

"இருபத்தஞ்சு டிகிரிக்குப் பக்கம்."

"எப்படித் தெரியும்?"

"கங்காணி சொல்லுவாரு. எனக்குத் தண்ணியோட நிறத்தைப் பாத்தாலே தெரியும்."

"நிறத்தைப் பாத்து நீ சொல்றதும் அவரு அளக்குறதும் ஒண்ணா இருக்கான்னு பாத்திருக்கியா?"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சுருவியா? நாலு மணிக்கு?"

"எந்திரிச்சுருவேன். நோட்டும் கொண்டு வரட்டுமா?"