மூன்று சொத்துகள், 1000 சூழ்நிலைகள்: சிவார் குறைப்பு ஒரு நேரியல் திட்டமாக

கையில் பங்கு, கடன் பத்திரம், தங்கம் என மூன்று சொத்துகள். மாத வருவாய்க்கு 1000 சூழ்நிலைகள் தயார். எல்லாவற்றுக்கும் சம நிகழ்தகவு. சராசரி மாத வருவாய் 0.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எதிலும் 60 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது, குறுவிற்பனை கிடையாது. இவற்றுக்கு உட்பட்டு, மிக மோசமான 5 சதவீதத்தின், அதாவது 50 சூழ்நிலைகளின், சராசரி இழப்பைக் குறைக்க வேண்டும். அந்தச் சராசரிதான் கண்டிஷனல் வேல்யூ அட் ரிஸ்க். இங்கே சிவார் என்கிறேன்.

எந்த 50 என்பதுதான் தலைவலி. எடைகளை மாற்றினால் மோசமானவற்றின் பட்டியலும் மாறிவிடும். ராக்கஃபெல்லரும் உர்யாசேவும் 2000-இல் வெளியிட்ட வழி, வரிசைப்படுத்தும் வேலையையே தவிர்த்துவிடுகிறது: `a` என்று ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டும் இழப்பை மட்டும் கணக்கில் எடுக்கிறோம். கோடு எங்கே விழ வேண்டும் என்பதையும் தீர்வியே முடிவு செய்யும்.

```
min   a + (1/50) * sum_s u[s]
s.t.  u[s] >= -sum_i r[s,i]*w[i] - a    s = 1..1000
      u[s] >= 0
      sum_i mu[i]*w[i] >= 0.006
      sum_i w[i] = 1
      0 <= w[i] <= 0.6
      a free
```

`w` என்பது சொத்துகளின் எடை, `r` சூழ்நிலை வருவாய், `u` கோட்டைத் தாண்டிய இழப்பு, `mu` அதே 1000 வருவாய்களின் சராசரி. மொத்தம் 1004 மாறிகள். இன்றைய தீர்விகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

கோடு எப்படித் தானாக உட்காருகிறது என்பதைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். எடைகள் மாறாமல் 10 சூழ்நிலைகள், 80 சதவீத நிலை. பெரிய இழப்புகள் 9, 5, 4. மற்றவை 3-க்கும் கீழே. மோசமான இரண்டின் சராசரி 7. `a = 5` என்றால் 5 + 4/2 = 7. `a = 4` என்றால் 4 + (5 + 1)/2, அதுவும் 7. 6-க்குப் போனால் 7.5; 3-க்கு இறங்கினாலும் 3 + (6 + 2 + 1)/2 = 7.5. ஆக, 4 முதல் 5 வரை தரை தட்டையாக இருக்கிறது. அதன் இடது முனையான 4-தான் 80 சதவீதச் சூழ்நிலைகளின் இழப்பு தாண்டாத மிகச் சிறிய எல்லை, அதாவது வேல்யூ அட் ரிஸ்க். தீர்வி 4.6 என்று காட்டினால் பதற வேண்டாம், ஆனால் அதை அப்படியே வேல்யூ அட் ரிஸ்க் என்று அறிக்கையில் எழுதிவிடவும் வேண்டாம்.

`a free` என்ற கடைசி வரியை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். பைத்தானின் SciPy நூலகத்தில் உள்ள `linprog`-இல் எல்லை எதுவும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாறிக்கும் `(0, None)` தான். 95 சதவீத நிலையிலும் லாபமே வரும் சாதுவான போர்ட்ஃபோலியோவுக்கு `a` எதிர்மறையாக வேண்டும். அதைப் பூஜ்யத்தில் நிறுத்தினால் சிவார் கூடுதலாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

அப்புறம், சூழ்நிலைக் கட்டுப்பாடுகளின் நிழல் விலைகளையும் பாருங்கள். கோட்டைத் தாண்டியவற்றுக்கு 0.02, உள்ளே இருப்பவற்றுக்கு 0, கோட்டின் மேலேயே இருப்பவற்றுக்கு இடைப்பட்ட மதிப்பு, கூட்டினால் 1. எடைகளைத் தீர்மானித்த மோசமான மாதங்கள் எவை என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆயிரத்தில் ஐம்பதே பேசுவதால், வேறு ரேண்டம் விதையில் சூழ்நிலைகளை உருவாக்கி மறுபடி ஓட்டிப் பார்க்காமல் இந்த எடைகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை.