பொருள்: 60 நாள் கடனுக்குப் பெட்டி கேட்டது குறித்து, சரக்கு தந்தவர்கள் மூவரின் விவரம் வேண்டி

கிருஷ்ணகிரி
12.03.2026

சந்தூர் மாம்பழ வியாபாரி அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

திங்கட்கிழமை நீங்களும் உங்கள் மகனும் ஆலைக்கு வந்து மாதிரிப் பெட்டி பார்த்துப் போனதில் மகிழ்ச்சி. அல்போன்சாவுக்கும் செந்தூராவுக்கும் 5 கிலோ பெட்டி 6,000, ஒன்று 28 ரூபாய், மொத்தம் 1,68,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இந்த விலையில் மாற்றமில்லை. ஏப்ரல் கடைசி வாரத்தில் முதல் லோடு வேண்டும் என்றீர்கள், அதுவும் முடியும். நீங்கள் கேட்ட 60 நாள் கடனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில், 60 நாள் தர எனக்கு வழியில்லை. நாங்கள் உத்யம் பதிவுள்ள சிறுதொழில். 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி எழுதி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. கிராஃப்ட் பேப்பர் மில்லுக்கு நான் பணம் கட்ட வேண்டிய கெடு அதைவிடக் குறைவு. அதனால் 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சீசன் ஒழுங்காகப் போனால் அடுத்த வருடம் 45-ஐப் பற்றிப் பேசலாம்.

அந்த 30 நாளுக்கும் முன், உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு தந்த மூன்று பேரின் பெயர், ஊர், போன் நம்பர் வேண்டும். நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. புதுப் பார்ட்டி யாரானாலும் இதுதான் வழக்கம். வழக்கமாக ஜிஎஸ்டி எண்ணை இணையத்தில் போட்டால், கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்று தெரிந்துவிடும். உங்களுக்குப் பதிவு இல்லை என்றீர்கள். பழத்துக்கு வரி இல்லாததால் அதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்குப் பார்க்க ஒரு ஜன்னல் குறைகிறது, ஆட்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மூவரில் ஒருவர், போன வருடம் வரை உங்களுக்குப் பெட்டி தந்த பெங்களூர்க்காரராக இருக்க வேண்டும். அவர் பேச்சுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அவரோடு ஏதாவது மனத்தாங்கல் இருந்தால் மறைக்க வேண்டாம், உங்கள் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரக்கில் குறை இருந்து பணத்தை நிறுத்தியிருந்தால் அது வேறு விஷயம், எனக்குப் புரியும். மற்ற இருவர் உரம், மருந்துக் கடைக்காரராகவோ லாரி ஆபீஸ்காரராகவோ இருக்கலாம். மண்டிக்காரர் வேண்டாம், அவர் உங்களுக்குப் பணம் தருகிறவர். உங்களிடமிருந்து பணம் வாங்குகிறவர் என்ன சொல்கிறார் என்பதே எனக்கு வேண்டும். சொந்தக்காரர்களும் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு பார்ட்டி மூன்று பேரைக் கொடுத்தார். மூவரும் தங்கமான மனிதர் என்றார்கள். அதில் இருவர் அவருடைய மச்சான்கள் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது! அதற்குள் அவர் பெயர் அச்சடித்த 4,000 பெட்டி என் குடோனில் தேங்கிவிட்டது. பெயர் போட்ட பெட்டியை வேறு யார் வாங்குவார்கள்? பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டேன். அதிலிருந்து பத்துப் பெட்டி வீட்டில் இன்னும் இருக்கிறது, என் மனைவி புளி போட்டு வைத்திருக்கிறாள்.

அவர்களிடம் நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: எத்தனை வருடமாகக் கொடுக்கல் வாங்கல், அதிகபட்சம் எவ்வளவு வரை கடன் கொடுத்தார்கள், சொன்ன தேதிக்கு எத்தனை நாள் தள்ளிப் பணம் வரும், செக் ஏதும் திரும்பியதா, இப்போது பாக்கி உண்டா. பத்து நாள் தள்ளி வந்தாலும் நிச்சயம் வரும் என்று ஒருவர் சொன்னால் அது எனக்குப் போதும். அவர்கள் சொல்வது என்னோடு நிற்கும், வெளியே போகாது. நான் பேசும் முன் அவர்களிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தெரியாத ஆளிடம் யாரும் கணக்கு விவரம் பேசமாட்டார்கள்.

எங்களைப் பற்றியும் நீங்கள் தாராளமாக விசாரிக்கலாம். காவேரிப்பட்டணத்திலும் பர்கூரிலும் எங்களிடம் பெட்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பர் தருகிறேன்.

விவரம் 20-ம் தேதிக்குள் வந்தால் நல்லது. அச்சு பிளாக் செய்ய ஒரு வாரம் ஆகும், அப்புறம்தான் பேப்பருக்கு ஆர்டர் போட முடியும். விசாரித்து முடிய நேரமானாலும் உங்கள் சீசன் கெடாது. முதல் 2,000 பெட்டிக்குப் பாதி முன்பணம், மீதி லோடு ஏற்றும்போது என்று உடனே ஆரம்பிக்கலாம். பிளாக் செலவு மட்டும் எப்படியும் முன்பணம்தான்.

உங்கள் மகன் மாதிரிப் பெட்டியில் காற்றுத் துளை சின்னதாக இருக்கிறது என்றாரே, சரியாகத்தான் சொன்னார். பெரிதாக்கி இன்னொரு மாதிரி செய்துவைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அட்டைப்பெட்டி ஆலை உரிமையாளர்
கிருஷ்ணகிரி