செயற்குழுக் கூட்டக் குறிப்பு: கையொப்பப் பக்கம்

தோட்ட ஆலய நிர்வாகக் குழு, சுங்கை சிப்புட், பேராக்
2025ஆம் ஆண்டின் இரண்டாவது செயற்குழுக் கூட்டம், 9 மார்ச் 2025, ஞாயிறு
பக்கம் 6 / 6

பொருள் 9: வங்கிக் கணக்கு
காசோலைகளில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் ஒப்பமிட வேண்டும். அவர்களில் ஒருவர் பொருளாளராக இருக்க வேண்டும். ஏகமனதாக ஏற்கப்பட்டது.

கூட்டம் பிற்பகல் 12.40க்கு முடிவுற்றது. வருகை: 15 பேரில் 11 பேர்.

(கையொப்பம் தனித்தாளாகப் பிரிந்து போகாதிருக்கவே கடைசித் தீர்மானம் இப்பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளது. 5ஆம் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடம் குறுக்குக் கோடிட்டு அடைக்கப்பட்டது.)

குறிப்பெடுத்துத் தயாரித்தவர்
பொருள் 1 முதல் 3 வரை துணைச் செயலாளர் எடுத்த குறிப்பு, மற்றவை என்னுடையவை.
(ஒப்பம்) செ. கலைவாணி, செயலாளர், 16 மார்ச் 2025

திருத்தம்
பக்கம் 3, பொருள் 5: பந்தல் செலவு "4,580 வெள்ளி" என்றிருந்தது "4,850 வெள்ளி" எனத் திருத்தப்பட்டது. பழைய எண் படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்க ஓரத்தில் தலைவரும் செயலாளரும் சுருக்கொப்பமிட்டனர். வெள்ளை மை பூசப்படவில்லை. வேறு திருத்தம் இல்லை.

உறுதிப்படுத்தல்
11 மே 2025, ஞாயிறன்று கூடிய மூன்றாவது செயற்குழுக் கூட்டத்தில் இக்குறிப்பு வாசிக்கப்பட்டு, மேற்கண்ட திருத்தத்துடன் சரியான பதிவாக ஏற்கப்பட்டது.
முன்மொழிந்தவர்: பெ. முனியாண்டி
வழிமொழிந்தவர்: இரா. சரோஜா
இருவரும் மார்ச் கூட்டத்தில் இருந்தவர்கள்.

மார்ச் கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் துணைத் தலைவர்; தலைவர் அன்று மருத்துவமனையில் இருந்தார். "வராத கூட்டத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்று அவரே கேட்டார். அன்று நடந்ததை நேரில் கண்ட சாட்சியாக அவர் ஒப்பமிடவில்லை. தாம் தலைமை தாங்கிய மே கூட்டம் இதையே சரியான பதிவாக ஏற்றது என்பதற்கே அவருடைய ஒப்பம். அவர் மனநிறைவுக்காகத் துணைத் தலைவரும் கீழே ஒப்பமிட்டுள்ளார்.

(ஒப்பம்) மு. கணேசன், தலைவர், 11 மே 2025
(ஒப்பம்) செ. கலைவாணி, செயலாளர், 11 மே 2025
பார்த்தவர்: (ஒப்பம்) வீ. ஆறுமுகம், துணைத் தலைவர், 11 மே 2025

ஆலய முத்திரை செயலாளரின் ஒப்பத்திற்கு இடப்புறம் பதிக்கப்பட்டது. எழுத்தின் மேல் படவில்லை. பக்கம் 1 முதல் 5 வரை வலது கீழ்மூலையில் தலைவர், செயலாளர் இருவரின் சுருக்கொப்பமும் உண்டு.

நகல்
மூலம் கூட்டப் பதிவேட்டில், செயலாளரின் பொறுப்பில் உள்ளது. வங்கிக்குப் பொருள் 9 மட்டும் தனியே எடுத்தெழுதப்பட்டு, "மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்ற வரியின் கீழ்த் தலைவரும் செயலாளரும் புதிதாக மையால் ஒப்பமிட்டு 13 மே 2025 அன்று கொடுக்கப்பட்டது.