வள்ளிக்கு, தலையணையை அணைத்துக்கொண்டு படிக்க

காரைக்குடி,
வியாழன் இரவு

அன்புள்ள வள்ளிக்கண்ணு,

முதலில் பக்கத்தில் இருக்கிற தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள். எடுத்துவிட்டாயா? சரி, இனிமேல் படி. ஆபரேஷன் ஆன வயிறு சிரித்தால் சுருக்கென்று இழுக்குமாம். தலையணையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டால் தெரியாதாம். இருமல் வந்தாலும் அப்படியே செய். நர்சாக இருக்கிற என் தங்கை மகள் சொன்னது.

நீ மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அண்ணன் பேரைச் சொல்லவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாகு பதம் வந்துருச்சா?" என்று கேட்டாயாமே! அந்தப் பெண்ணும் அசராமல், "இன்னும் வரலம்மா, நீங்க தூங்குங்க, வந்ததும் எழுப்புறேன்" என்று சொன்னதாம். நீயும் நிம்மதியாகத் தூங்கிவிட்டாயாம். அந்த நர்ஸ் யார் என்று பார்த்து வை. வரும்போது அவருக்கு அரைக் கிலோ அதிரசம் கொண்டுவருகிறேன். பதம் வந்த அதிரசம்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உன் பித்தப்பையிலிருந்து டாக்டர் எடுத்துக் கொடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துணிமணி எடுக்க ஊருக்கு வந்தவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு போவதற்குள் பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு வாத்தியார் என்று ஒருவர் விடாமல் காட்டியிருக்கிறார். மிளகு அளவில் நாலைந்து, அதைவிடப் பெரிதாக ஒன்று. உன் மாமியார் ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டிலை வளவு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அப்புறம், "எம் மருமகளை இந்தப் பாடு படுத்துன கல்லு. வைரமா இருந்திருந்தா மூக்குத்திக்காவது ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று உன்னிடம் சொல்லவே மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

தோள்பட்டை வலிக்கிறதென்று பயந்துபோய் இருக்கிறாய் என்று அண்ணன் சொன்னார். பயப்படாதே. துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி, இடம் உண்டாக்கிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். அதில் மிச்சம் நிற்கிற கொஞ்சம் காற்று உள்ளே மேலே போய் உறுத்துவதுதான் தோளில் வலியாகத் தெரிகிறது. வராண்டாவில் நாலு தடவை மெல்ல நடந்தால் குறைந்துவிடும். நடக்கச் சொன்னால் நட. ஆனால் நடக்கிற சாக்கில் ஆஸ்பத்திரி கேன்டீன் சமையலறைக்குள் நுழைந்து, வடைக்கு மாவு இளகிவிட்டது என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. உன்னை எனக்குத் தெரியும்.

பித்தப்பையை எடுத்துவிட்டார்களே, இனி சாப்பாடு எப்படி என்று கவலைப்படாதே. பித்தநீரைச் சுரப்பது ஈரல்தான். பை அதைச் சேர்த்து வைத்தது, அவ்வளவே. இனி அது நேராகக் குடலுக்குப் போகும். உடம்பு அதற்குப் பழகும்வரை எண்ணெய்ப் பண்டம் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். இதைக் கேட்டதும் உன் முகம் போகிற போக்கை இங்கிருந்தே பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் தேன்குழலும் மணகோலமும் சீப்புச்சீயமும் பொரித்துக் கொடுக்கிறவளுக்கு இப்போது கஞ்சியும் இட்லியும்! ஆனால் நம் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரைப் பார். மலையைக் குடைந்த கோயிலில் ஆறடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். சதுர்த்திக்கு அவருக்குப் படைக்கிற முக்குறுணி அரிசிக் கொழுக்கட்டை என்ன எண்ணெயிலா பொரிகிறது? வேகவைத்ததுதானே? அவருக்கே அது போதும் என்றால் நீயும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, நீ கேட்கத் துடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடை நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. சென்னைக் கல்யாணத்துச் சீர்ப் பலகாரம் முழுவதும் கட்டிப் பார்சல் போட்டாயிற்று. மாவுருண்டைக்கு நெய் ஊற்றும்போது உன் மாமியார் ஆச்சி பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், ஒரு கரண்டி கூடவில்லை, குறையவில்லை. நீ எப்போதும் திட்டுகிற செல்வி இருக்கிறாளே, அவள் நேற்று முதல் முதலாக ஏழு சுற்றுக் கைமுறுக்குச் சுற்றினாள். நான் கிட்டே நின்று பார்த்தேன். விரல் நுனியில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சே விடாமல் சுற்றினாள். நாலாவது சுற்றில் மாவு அறுந்தது. கலைத்துவிட்டுத் திரும்பச் சுற்றினாள். முறுக்கல் ஒரே சீராக ஏழும் விழுந்ததும் நிமிர்ந்து, "அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள். இதோ சொல்லிவிட்டேன். அந்த முறுக்கை யாரும் தின்னவில்லை. நீ வந்து பார்க்க வேண்டும் என்று தனி டப்பாவில் வைத்து, மேல் தட்டில் ஏற்றியிருக்கிறாள்.

அதனால் போனில் கூப்பிட்டு அடுப்புத் தணலை விசாரிக்காதே. படுத்திரு. இத்தனை வருஷமாக விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினவள் நீ. காலை ஏழு மணிவரை தூங்குவதற்கு டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், அனுபவி.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு உன் மேல் கோபம் உண்டு. மாதக்கணக்காக வலது விலாவுக்குக் கீழே வலி வரும்போதெல்லாம் வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாயே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி உன்னைக் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது எனக்குக் கையும் காலும் ஓடவில்லை வள்ளி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ இல்லாமல் எனக்கு ஒரு தீபாவளியும் வந்ததில்லை. இனி எங்கே வலித்தாலும் ஓமத்தண்ணீருக்கு முன்னால் எனக்குப் போன். இது உத்தரவு.

வேண்டுதல் பட்டியல் நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது, தெரிந்துகொள். ஆச்சி கொப்புடையம்மனுக்கு மாவிளக்கு. அண்ணன் பிள்ளையார்பட்டியில் நூற்றெட்டுச் சிதறுதேங்காய். உடைத்து முடிப்பதற்குள் அவருக்குத் தோள் வலி வந்துவிடும். என்னுடையது, உன்னைக் கூட்டிக்கொண்டு குன்றக்குடி மலை ஏறுவது. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். படிக்கட்டில் நீ எத்தனை இடத்தில் உட்கார்ந்தாலும் நானும் உட்காருவேன், முருகன் எங்கேயும் போய்விட மாட்டார்.

பார்க்க வருகிற உறவுக்காரர்கள் தங்கள் ஆபரேஷன் கதையை ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள். மருந்து மயக்கம் என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் கொண்டுவருகிற ஹார்லிக்ஸையும் ஆப்பிளையும் அண்ணன் வார்டு முழுக்கப் பங்கு வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். இடியாப்பமும், பாசிப்பருப்புப் போட்ட பீர்க்கங்காய்க் கூட்டும் கொண்டுவருகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், தரலாம் என்றார். மூடியைத் திறந்ததும் "என்னடி, தாளிக்கவே இல்லை" என்று முகத்தைச் சுளித்தாயானால், தூக்குச்சட்டியை அந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

உன்
உமையாள்