மேல்முறையீடு தாக்கல் செய்வதில் ஏற்பட்ட 48 நாள் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுக்கான பிரமாண வாக்குமூலம்

மன்னார்குடி சார்பு நீதிமன்றம்
(காலவரம்புச் சட்டம், 1963, பிரிவு 5, உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 41, விதி 3ஏ)

மனுதாரரும் மேல்முறையீட்டாளருமான நான் (பெயர், முகவரி மேல்முறையீட்டு மனுவில் கண்டபடி) சத்தியப் பிரமாணமாகக் கூறுவது:

அசல் வழக்கு எண் 147/2019-இல் நான் பிரதிவாதி. என் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பயன்படுத்தக்கூடாது என்று எனக்கு எதிராக 10.03.2025 அன்று நிரந்தர உறுத்துக்கட்டளை பிறப்பிக்கப்பட்டது. 14.03.2025-இல் நகல் மனு போட்டு, 02.04.2025-இல் நகல் பெற்றேன். நகலுக்கு ஆன 20 நாட்களைக் கழித்தால் கெடு 29.04.2025-இல் முடிந்தது. இன்று, 16.06.2025-இல் தாக்கல் செய்கிறேன். தாமதம் 48 நாட்கள்.

நகல் கைக்கு வந்தபின் ஏப்ரல் 20 வரை எனக்குத் தடை எதுவும் இல்லை. வழக்குச் செலவுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன். கெடுவுக்குள் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

21.04.2025 விடியற்காலை என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. அரசு மருத்துவமனையில் 09.05.2025 வரை உள்நோயாளியாக இருந்தார். பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் இரவும் பகலும் நான்தான் உடனிருந்தேன். கெடு முடிந்த நாளில் நான் வார்டில் இருந்தேன். மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கத்தை ஆவணம் 1 ஆக இணைத்துள்ளேன். அதற்குப் பிறகு மே மாதம் முழுவதும் வாரம் மூன்று நாள் இயன்முறை சிகிச்சைக்கு அவரை அழைத்துப் போனேன். தேதி முத்திரையிட்ட புறநோயாளிச் சீட்டு ஆவணம் 2.

ஒரு தவறை மறைக்க விரும்பவில்லை. மே மாதம் கோர்ட் விடுமுறைதானே, திறந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நானே நினைத்துவிட்டேன். விடுமுறைக்கு முன்பே கெடு முடிந்துவிட்டது என்பது 03.06.2025-இல் வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்னதாகவே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை. அவர்மேல் குறை எதுவும் இல்லை. சிகிச்சையில் கையிருப்பு கரைந்துவிட்டதால் 12.06.2025 அன்று நகையை அடகு வைத்துத்தான் நீதிமன்றக் கட்டணத்துக்குப் பணம் திரட்டினேன். அடகு ரசீது ஆவணம் 3.

எனக்கு உடல்நலக் குறைவு ஏற்படவில்லை. அதனால் என் பெயரில் மருத்துவச் சான்று எதையும் தாக்கல் செய்யவில்லை.

தாமதம் எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வயலுக்குப் போக எனக்கு வேறு வழி இல்லை. வழக்கறிஞர் ஆணையர் அந்தப் பாதையை நேரில் பார்த்துத் தந்த அறிக்கையைக் கீழமை நீதிமன்றம் பரிசீலிக்கவில்லை என்பதே என் மேல்முறையீட்டின் முக்கியக் காரணம். இந்தத் தாமதத்தால் எதிர்மனுதாரருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு நீதிமன்றம் விதிக்கும் செலவுத்தொகையைச் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.

ஆகவே, 48 நாள் தாமதத்தை மன்னித்து, மேல்முறையீட்டைக் கோப்பில் ஏற்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

மன்னார்குடி, 16.06.2025
மனுதாரர் கையொப்பம்

வாசித்துக் காட்டப்பட்டு, சரியென ஒப்புக்கொண்டு என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.
வழக்கறிஞர்