432 பூக்கல்: எங்கள் பட்டறையில் ஓர் ஆர்டர் நடக்கும் விதம்

தொலைபேசியில் விசாரிப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து எத்தனை நாள் ஆகும் என்று கேட்கிறார்கள். "நான்கு முதல் ஐந்து வாரம்" என்றதும் மறுமுனையில் ஓர் அமைதி. கடையில் இன்று பணம் கட்டினால் நாளை வண்டியில் ஏறும் டைல்ஸ் இருக்கும்போது, தரையில் பதிக்கக் கையால் வார்க்கும் ஆத்தங்குடிச் சிமெண்ட் கல்லுக்கு ஐந்து வாரமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். அதற்கு வாயால் பதில் சொல்வதைவிட, இப்போது கையில் இருக்கும் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து காட்டிவிடலாம் என்று தோன்றியது.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார்கள். முகப்புக்கும் வளவுக்குமாக 300 சதுர அடி. பத்துக்குப் பத்து அங்குலக் கல், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூன்று நிறம். பத்து அங்குலக் கல்லில் நூறு சதுர அடிக்கு 144 கல் பிடிக்கும். ஆக 432. வெட்டுக்கும் உடைப்புக்கும் சேர்த்து இருபது கல் கூடுதலாக வார்க்கிறோம். இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். எட்டு அங்குலக் கல்லென்றால் நூறு சதுர அடிக்கு 225, பன்னிரண்டு அங்குலக் கல்லென்றால் சரியாக நூறு.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. இயந்திரத்தில் அழுத்துவதும் இல்லை. வேலை முழுவதும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நடக்கிறது. கல்லின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்திருக்க, முதுகு மேலே நம்மைப் பார்த்திருக்க, தலைகீழாகத்தான் கல் உருவாகிறது. வார்ப்பவர் தன் வேலையின் முகத்தை அன்றைக்குப் பார்ப்பதே இல்லை. கல்லின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் விடை இதுதான். மெருகு எண்ணெயோ வார்னிஷோ பூசுவதில்லை. கண்ணாடியின் வழுவழுப்பை ஈரச் சிமெண்ட் அப்படியே வாங்கிக்கொள்கிறது. அதனால் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அதுவும் கல்லில் பதிந்துவிடும். கீறல் விழுந்த கண்ணாடிகளை நாங்கள் ஒதுக்கிவிடுகிறோம். கைச் செலவில் கண்ணாடிக்குப் போகும் தொகை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம்.

காலை ஏழு மணிக்கு வண்ணம் கலக்கும் வேலை. வெள்ளைச் சிமெண்டில் வண்ணப் பொடியைப் போட்டு, தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் கரைத்து, வடிகட்டி, தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்துக்குக் கொண்டுவருகிறோம். சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் இரும்பு ஆக்சைடு வகைப் பொடிகள். வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் மங்காதவை. நிறம் அடர்த்தியாக வேண்டும் என்று சிலர் பொடியைக் கூட்டச் சொல்கிறார்கள். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேல்முகத்தின் வலு குறையும், நடக்க நடக்கத் தேயும். அந்தக் கோரிக்கையை மட்டும் நாங்கள் மறுத்துவிடுவோம். ஓர் ஆர்டருக்கு வேண்டிய உலர் பொடியை மொத்தமாக ஒரே முறையில் சிமெண்டோடு கலந்து மூட்டையில் கட்டி வைத்துக்கொள்கிறோம். தினமும் அதிலிருந்து அளந்து எடுத்துத் தண்ணீர் சேர்ப்பதோடு சரி. முதல் நாள் கல்லும் கடைசி நாள் கல்லும் ஒரே குடும்பமாகத் தெரிய இதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது வார்ப்பு. கண்ணாடியைத் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் அச்சை இறக்குகிறார் எங்கள் மூத்த கைக்காரர். அச்சு என்பது தகட்டை வளைத்துப் பற்றவைத்த கோலம். ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்துக்கான தொட்டி. மூக்குள்ள சிறு கரண்டியால் ஒவ்வொன்றிலும் வண்ணத்தை ஊற்றுகிறார். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று அளவுக் குறியீடு எதுவும் கரண்டியில் கிடையாது. கையின் பழக்கம்தான் அளவு. பிறகு அச்சை நேர் மேலாகத் தூக்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் கறுப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். தூக்கியதும் கட்டங்களுக்கு இடையே தகடு இருந்த இடத்தை வண்ணங்களே மெல்ல நெருங்கி வந்து மூடிக்கொள்ளும். அந்தச் சந்திப்புக் கோடு எந்தக் கல்லிலும் மயிரிழை போல நேராக இருக்காது. லேசான அலை இருக்கும். 432 கல்லிலும் அலை வேறு வேறாகத்தான் இருக்கும். ஒரே மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு எங்கள் கல் ஒத்துவராது. அச்சடித்த டைல்ஸ் வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

வண்ணத்தின் மேல் உடனே ஈரக் கலவையைப் போட்டால் நிறங்கள் கலங்கிவிடும். அதனால் நடுவில் ஓர் உலர் அடுக்கு. சிமெண்டையும் நன்றாகச் சலித்த உள்ளூர் மணலையும் தண்ணீர் இல்லாமல் கலந்து, கையால் தூவுகிறோம். அது வண்ணத்தில் மிஞ்சிய நீரை உறிஞ்சி அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல்தான் ஈர மணல் கலவை. சட்டத்தின் விளிம்பு வரை நிரப்பி, கரணையால் அழுத்தி, மட்டம் தட்டி, சட்டத்தை உருவினால் ஒரு கல் முடிந்தது. முக்கால் அங்குலக் கனம், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை. மாடியில் பதிக்க நினைப்பவர்கள் இந்த எடையைப் பொறியாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். நூறு சதுர அடிக்குக் கல் மட்டுமே 350 கிலோவைத் தாண்டும். கீழே போடும் கலவையின் எடை தனி.

எளிய ஒற்றை நிறக் கல்லென்றால் ஒருவர் ஒரு நாளைக்கு நூறு வரை வார்ப்பார். மூன்று நிறம் வந்தால் அறுபது. காரைக்குடி வேலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் நான்கு நாளில் வார்ப்பு முடிந்துவிடும். அப்படியானால் மீதி நான்கு வாரம் எதற்கு?

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. நீர் பற்றாமல் வெயிலில் காயவிட்ட கல் பார்க்கக் கெட்டியாகத் தோன்றும், ஆனால் உள்ளே வலு ஏறியிருக்காது. வார்த்த கல் கண்ணாடியோடு ஓர் இரவு நிழலில் இருக்கும். மறுநாள் கண்ணாடியோடு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறோம். ஊறும்போது கண்ணாடி தானாக விட்டுக்கொள்ளும். பட்டறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் நேரம் அது. தொட்டியில் ஒரு வாரம். பிறகு நிழலில் செங்குத்தாக, காற்றோட்டம் இருக்கும்படி இடைவெளி விட்டு அடுக்கி வைக்கிறோம். சிமெண்டின் வலுவை 28 நாள் கணக்கில்தான் சோதனைச் சாலைகளிலும் அளக்கிறார்கள். நாங்களும் அந்த 28 நாளைக் குறைப்பதில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும், கூடுதல் பணம் தருகிறேன் என்றாலும் இந்த இடத்தில் பேச்சில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஒரு வாரம் கூடும்.

அவசரமாக எடுத்துப் பதித்த கல்லில் வெள்ளை பூக்கும். கல்லுக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாகப் படிவதே அது. முறையாக ஆறிய கல்லிலும் முதல் மழைக்காலத்தில் இது கொஞ்சம் தென்படலாம். பயப்பட வேண்டாம், துடைக்கத் துடைக்கக் குறைந்துவிடும். ஆனால் அதைப் போக்குவதற்கு யாராவது ஆசிட் வாங்கிவரச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆசிட் படலத்தை மட்டுமா தின்னும், சிமெண்டையும் சேர்த்துத் தின்னும். கண்ணாடி கொடுத்த முகம் ஒரே நாளில் போய்விடும். எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிறிய அளவில் இதே வேலையைச் செய்யும் என்பதால், சமையல் மேடைக்கு முன்னால் இந்தக் கல்லைக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறோம். குளியலறைக்கும் வேண்டாம். கூடம், முகப்பு, படுக்கையறை, பூஜையறை: இவை இந்தக் கல்லுக்கு ஏற்ற இடங்கள்.

பதித்து முடித்த பிறகு பாலிஷ் இயந்திரத்தை ஓட்டலாமா என்று கொத்தனார்கள் கேட்பார்கள். கூடாது. வண்ண அடுக்கு சில மில்லிமீட்டர்தான். இயந்திரம் அந்த முகத்தை அரைத்துவிடும். தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, தேங்காய் எண்ணெயைச் சிறிது தொட்டுத் தவிட்டால் தேய்த்துவிடுவதே போதுமான மெருகு. பிறகு தினமும் ஈரத்துணி. செட்டிநாட்டு வீடுகளில் அதிகம் நடமாடும் இடத்தில்தான் தரை அதிகம் மின்னும். ஆள் புழங்காத அறையில் அதே கல் மங்கலாகக் கிடக்கும்.

போலி பற்றியும் கேட்கிறார்கள். ஆத்தங்குடிக் கோலத்தைப் படம் எடுத்துச் செராமிக் டைல்ஸில் அச்சடித்து விற்கிறார்கள். செராமிக் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. இயந்திரத்தில் அழுத்தித் தயாரிக்கும் சிமெண்ட் கல்லும் உண்டு. அதுவும் நல்ல சரக்குதான், உறுதியானதுதான், ஆனால் கண்ணாடியில் வார்த்த மினுமினுப்பு அதில் வராது. எங்களிடமோ வேறு எந்தப் பட்டறையிலோ வாங்கினாலும், கல்லைத் திருப்பி முதுகைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில், மணல் சொரசொரப்போடு இருக்க வேண்டும். விளிம்பைப் பாருங்கள்: வண்ணம் தோல் போல ஒட்டியிருக்காமல், கனமுள்ள ஓர் அடுக்காகத் தெரிய வேண்டும். ஓர் உடைந்த கல்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. உடைந்த கல் இல்லாத பட்டறை கிடையாது, கேட்டால் தராத பட்டறையில் யோசித்து வாங்குங்கள். எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு குவியலே கிடக்கிறது.

விலையைப் பற்றி ஒரு வரி. எங்கள் கல்லின் விலையில் பெரும்பங்கு கைக்கூலி, அடுத்து வெள்ளைச் சிமெண்ட். நிறம் கூடக் கூடக் கை நேரம் கூடும், அதனால் விலை ஏறும். நீலப் பொடி மற்றவற்றைவிட விலை அதிகம், அந்த வித்தியாசத்தைத் தனியாகக் காட்டியே பில் போடுகிறோம். புது அச்சு செய்ய வேண்டுமானால் அதற்கான தொகை தனி. அச்சு உங்கள் வீட்டுக் கோலத்தில் செய்ததென்றால் அதை வேறு யாருக்கும் பயன்படுத்த மாட்டோம்.

காரைக்குடிக் கற்கள் இப்போது நிழலில் நிற்கின்றன. பார்க்க விரும்புபவர்கள் வரலாம். வார்ப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பகல் ஒரு மணி வரை நடக்கும். மதியத்துக்கு மேல் வந்தால் தொட்டியையும் அடுக்கையும் மட்டுமே பார்க்க முடியும். ஞாயிறு விடுமுறை. வரும்போது அறையின் நீள அகலத்தோடு கதவு நிலைகள், தூண்கள் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து கொண்டுவாருங்கள். பார்டர் கல்லும் மூலைக் கல்லும் எத்தனை என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.